வேலை போனபின் கல்விக்கடன் அதிகாரிக்கு எழுதும் கடிதம்

ஜூன் 3-ஆம் தேதி என் அக்கா மகளுக்கு வேலை போனது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாள். புராஜெக்ட் முடிந்துவிட்டது, அடுத்தது இல்லை என்று கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரயிலேறி குழித்துறையில் வந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, லோனுக்கு என்ன செய்ய?" என்பதுதான். இன்ஜினியரிங் படிக்க வாங்கிய கல்விக்கடனில் அன்றைக்கு 4,20,000 ரூபாய் பாக்கி. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், இன்னும் 60 தவணைகள். மாதம் 8,924 ரூபாய் ஒவ்வொரு 5-ஆம் தேதியும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நம் குமரி மாவட்டத்தில் இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் முதலில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அடுத்த வேலை கிடைத்ததும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைப்பு. மூன்று மாதம் கழித்து வங்கியிலிருந்து அப்பாவுக்குப் போன் வரும்போது, செய்யக்கூடியது பாதியாகக் குறைந்திருக்கும். அதனால் கடிதம் எழுதும் முறையைச் சொல்வதற்கு முன்னால், எப்போது எழுத வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

90 நாள் கணக்கு

ஒரு தவணை தவறிய நாளிலிருந்து வங்கி நாட்களை எண்ணத் தொடங்கும். 30 நாள் வரை ஒரு நிலை, 60 நாள் வரை அடுத்த நிலை, 90 நாள் வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டிவிட்டால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். இது ரிசர்வ் வங்கியின் விதி. கிளை மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை நிறுத்திவைக்க அவரால் முடியாது.

இவள் ஜூன் 5-ஆம் தேதித் தவணையை மே மாதச் சம்பளத்தில் கட்டிவிட்டாள். ஆக, ஜூலை 5-தான் தவறக்கூடிய முதல் தேதி. அதைத் தவறவிட்டு அப்படியே விட்டால் அக்டோபர் முதல் வாரத்தில் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன்பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, தவறிய தவணைகளின் நிலுவை முழுவதையும் கட்ட வேண்டும். கையில் வேலை இல்லாதவரால் அது ஆகாத காரியம். கடிதம் போய், கிளையில் பார்த்து, மண்டல அலுவலகத்துக்குப் போய்த் திரும்பிவர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகிவிடும். ஆகவே ஒரு தவணைகூடத் தவறாத நிலையில், வேலை போன பத்து நாளுக்குள் கடிதம் கொடுப்பதுதான் சரி. நாங்கள் ஜூன் 12-ஆம் தேதி கொடுத்தோம்.

முதலில் வீட்டு பீரோவைத் திறங்கள்

வங்கிக்குப் போவதற்கு முன்னால் கடன் வாங்கியபோது கொடுத்த அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். நம் ஊரில் எல்லாரும் சாங்ஷன் லெட்டர் என்றுதான் சொல்வோம். அது இல்லாவிட்டால் கிளையில் நகல் கேட்கலாம். அதிலும், அந்த வங்கியின் கல்விக்கடன் திட்ட விதிகளிலும், வேலையில்லாத காலத்துக்குத் தவணை விடுப்பு உண்டா என்று பாருங்கள்.

இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வைத்திருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன்கள் பெரும்பாலும் அதைத் தழுவியவை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை, பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம் என்பது பலருக்கும் தெரியும். அதே திட்டத்தில், கடன் காலத்தில் வேலை இல்லாமலோ குறைந்த சம்பளத்திலோ இருக்க நேர்ந்தால் இரண்டு மூன்று முறை தவணை விடுப்புக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. இதைத் தெரிந்து கேட்பவர்கள் மிகக் குறைவு. இது மாதிரித் திட்டம்தான். ஒவ்வொரு வங்கியும் தன் விதியில் எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதே செல்லும். தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடிதத்தில் நீங்கள் போடும் வார்த்தைக்கு விலை உண்டு. "மறுசீரமைப்பு" என்ற சொல் வங்கிக்காரர்களுக்கு வேறொரு பொருள் தரும். கடன்காரர் பணக் கஷ்டத்தில் இருப்பதால் நிபந்தனைகளைத் தளர்த்தினோம் என்று பதிவானால், பொதுவாக அந்தக் கணக்கை வங்கி தன் புத்தகத்தில் தரம் இறக்க வேண்டியிருக்கும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அந்தக் குறிப்பு ஏறலாம். அதிகாரி தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதனால் முதலில் திட்டத்திலேயே உள்ள வேலையின்மைத் தவணை விடுப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதோடு தவணைக் காலத்தை நீட்டிக்கச் சொல்லுங்கள். இது முடியாவிட்டால் மட்டும் மறுசீரமைப்பைப் பரிசீலிக்குமாறு கடைசியில் ஒரு வரி போதும். எப்படிச் செய்தாலும் சிபிலுக்கு என்னவென்று தெரிவிக்கப் போகிறார்கள் என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கடிதத்துக்கு முன் கணக்கு

"கொஞ்ச நாள் அவகாசம் தாருங்கள்" என்று எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். அதில் மூன்று எண்கள் தேவை: எத்தனை மாத விடுப்பு, அந்த மாதங்களில் எவ்வளவு கட்ட முடியும், பிறகு எத்தனை தவணை. இந்த மூன்றையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் அப்படியே எடுத்து எழுதிக்கொள்வார்.

நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 4,20,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு வட்டி மட்டும் 3,500 ரூபாய். தவணை விடுப்பில் இந்த வட்டி நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். படிக்கும் காலத்தில் அரசு கொடுத்த வட்டி மானியம் இந்த விடுப்புக்குக் கிடையாது. ஆறு மாதம் ஒன்றுமே கட்டாமல், வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால், பாக்கி 4,41,442 ஆகிவிடும்.

மாதம் 3,500 கட்ட முடிந்தால் பாக்கி ஏறாது. ஆனால் அத்தானின் வருமானம் ரப்பர் பால்வெட்டில்தான். ஜூன், ஜூலை மழையில் எத்தனை நாள் வெட்டு நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுச் செலவெல்லாம் கழித்துப் பார்த்ததில் மாதம் 1,500 நிச்சயம் கட்டலாம் என்று வந்தது. இரண்டாயிரம் என்று எழுதலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுதிக் கொடுத்த தொகையில் ஒரு மாதம் குறைந்தாலும் கடிதத்தின் மதிப்பு போய்விடும்.

1,500 வீதம் ஆறு மாதம் கட்டினால் டிசம்பரில் பாக்கி 4,32,252. அதை 60 தவணையில் கட்ட வேண்டுமென்றால் மாதம் 9,184. பழைய தவணையைவிடக் கூடுதல். 84 தவணை என்றால் 7,176. புதிய வேலை கிடைத்தாலும் முதலில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்து 84 கேட்டோம். இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய கணக்கோடு ஒப்பிட்டால் 84 தவணையில் மொத்தம் சுமார் 76,000 ரூபாய் கூடுதலாகப் போகும். தெரிந்தேதான் கேட்டோம். கையில் பணம் வந்தபிறகு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கடிதம்

நம் மாவட்டத்துக் கிளைகளில் தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரிகளும் இருப்பார்கள். மேலே போகும் குறிப்பும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆகவே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்க மொழிபெயர்ப்பும் பின்னால் வைத்தோம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. பெயர்களையும் எண்களையும் விட்டுவிட்டுக் கொடுக்கிறேன்:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
> பெறுநர்: கிளை மேலாளர் / கல்விக்கடன் பிரிவு அதிகாரி, (வங்கி, கிளை)
> நாள்: ஜூன் 12
>
> பொருள்: கல்விக்கடன் கணக்கு எண் (…) – வேலை இழப்பு காரணமாக ஆறு மாதத் தவணை விடுப்பும் தவணைக் கால நீட்டிப்பும் கேட்டல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட கடனில் ஜூன் 5 வரை எல்லாத் தவணைகளையும் தவறாமல் கட்டியுள்ளேன். இன்றைய பாக்கி ரூ.4,20,000. மாதத் தவணை ரூ.8,924. நான் பணிபுரிந்த நிறுவனம் ஜூன் 3 அன்று என்னைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டது. கடைசியாக வாங்கிய சம்பளம் ரூ.28,000. இப்போது எனக்கு வருமானம் இல்லை. இணைக் கடன்தாரரான என் தந்தையின் மாத வருமானம் சுமார் ரூ.14,000, மழை மாதங்களில் இதிலும் குறையும்.
>
> வங்கியின் கல்விக்கடன் திட்டத்தில் வேலையில்லாக் காலத்துக்கு உள்ள தவணை விடுப்பின் கீழ், பின்வருமாறு அனுமதிக்க வேண்டுகிறேன்:
>
> ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத் தவணை விடுப்பு. இந்த மாதங்களில் 5-ஆம் தேதிக்குள் ரூ.1,500 வீதம் கட்டுகிறேன். ஜனவரி 5 முதல், மீதித் தொகையை 84 தவணைகளில் கட்டுகிறேன். என் கணக்கின்படி அது மாதம் சுமார் ரூ.7,176 வரும்.
>
> விடுப்புக் காலத்தில் சம்பளக் கணக்கிலிருந்து முழுத் தவணையைத் தானாக எடுப்பதை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். இதற்கு முன் வேலை கிடைத்தால் 15 நாளுக்குள் தெரிவித்துத் தவணையைத் தொடங்குவேன். இந்த ஏற்பாடு சிபில் போன்ற நிறுவனங்களுக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும் என்பதையும் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும். இம்முறையில் இயலாவிட்டால் கடனை மறுசீரமைக்கப் பரிசீலிக்கவும்.
>
> இணைப்பு: பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, தந்தையின் வருமானச் சான்று, வேலைக்கு விண்ணப்பித்த விவரம்.
>
> (கடன்தாரர் கையெழுத்து) (இணைக் கடன்தாரர் கையெழுத்து)

அப்பாவின் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். அவரும் கடன்காரர்தான். அவர் சம்மதம் இல்லாமல் நிபந்தனையை மாற்ற முடியாது என்று கடிதம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு வாரம் வீணாகப் போனது. ஜாமீன்தாரர் தனியாக இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும்.

குடும்பக் கஷ்டத்தை நீளமாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அவள் முதலில் எழுதியதில் பாட்டியின் மருத்துவச் செலவு, தம்பியின் படிப்பு எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை. ஆனால் அதிகாரி தேடும் எண்கள் அதற்குள் எங்கோ மறைந்துபோயின. மருத்துவச் செலவுக்கு ரசீது இருந்தால் இணைப்பில் வைக்கலாம், அதுவே பேசிவிடும். கட்டமாட்டேன் என்ற தொனியும் எங்கும் வரக் கூடாது, கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவும் கூடாது. இரண்டும் வேறு கோரிக்கைகள். கடிதம் வேறு மேசைக்குப் போய்விடும்.

கொடுக்கும் விதம்

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் கவுன்டரில் "வச்சிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். முத்திரை வாங்காமல் வந்திருந்தால் கடிதம் கொடுத்ததற்கே சாட்சி இருந்திருக்காது. முத்திரை போடத் தயங்கினால் சண்டை வேண்டாம். அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

அப்புறம் தானியங்கிப் பிடித்தம். கடிதம் கொடுத்ததாலேயே அது நின்றுவிடாது. கடன் ஒரு வங்கியிலும் சம்பளக் கணக்கு வேறு வங்கியிலும் இருந்தால், பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் அபராதம் விழலாம். எங்களுக்கு ஜூலை 5-ஆம் தேதி அப்படித்தான் ஆனது. முழுத் தவணையை எடுக்க முயன்று, திரும்பி, அபராதப் பணம் போனது. நாங்கள் அதற்கு முதல் நாளே 1,500 ரூபாயைக் கடன் கணக்கில் நேராகக் கட்டிச் சீட்டு வாங்கியிருந்தோம். அந்தச் சீட்டையும் கடிதத்தின் முத்திரைப் பிரதியையும் காட்டிக் கேட்டபிறகுதான் ஆகஸ்டில் நிறுத்தினார்கள். ஆகவே தவணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய், நிறுத்திவைத்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களாகவே அந்த அனுமதியை ரத்து செய்துவிடாதீர்கள். கட்ட மனமில்லை என்று அவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள்.

பதில் வரும்வரை, எழுதிக் கொடுத்த தொகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள். ஆனால் இந்தச் சின்னத் தொகை 90 நாள் கணக்கை நிறுத்தாது. எழுத்தில் அனுமதி வந்தால் மட்டுமே அது மாறும். அதனால் பதில் தாமதமானால் அக்டோபருக்கு முன் ஒரு முழுத் தவணையைக் கட்டி நாளைத் தள்ளிப்போடுவதற்காக, கடைசிச் சம்பளத்திலிருந்து 9,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தோம். அதைத் தொட வேண்டி வரவில்லை.

இந்த நேரத்தில் நகையை அடகு வைத்து நிலுவையைக் கட்டிவிடுங்கள் என்றோ, தனிநபர் கடன் எடுத்துச் சரிசெய்யுங்கள் என்றோ யாராவது சொல்வார்கள். வருமானம் இல்லாதபோது ஒரு கடனை இரண்டாக்கும் வேலை அது. நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரத்தில் நினைவூட்டல் கடிதம் ஒன்று, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. அப்புறம் மண்டல அலுவலகத்தின் குறைதீர் பிரிவுக்குப் புகார். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் தவணை விடுப்புக் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. குறைதீர்ப்பாளரிடம் பலமாக நிற்கக்கூடிய புகார், மனுவைக் கவனிக்கவே இல்லை என்பதுதான். நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அது பெரும்பாலும் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போய், அங்கிருந்து கிளைக்குக் கேள்வியாக வரும். முடங்கிக் கிடக்கும் கடிதம் இப்படி நகர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

அனுமதி வந்தபிறகு

ஜூலை கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். புதிய அதிகாரி கேட்டது இரண்டு: வேலை தேடுகிறாள் என்பதற்கு என்ன ஆதாரம், ஏன் 84 தவணை. விண்ணப்பித்த நிறுவனங்களின் பட்டியலையும் நேர்காணல் அழைப்பு மின்னஞ்சல்களையும் காட்டினாள். தவணை விஷயத்தில் அவர் 72-க்கு மேல் எழுத முடியாது என்றார். 72 என்றால் மாதம் 8,008 ரூபாய். கூடுதல் செலவு 76,000-க்குப் பதில் சுமார் 50,000. யோசித்து ஒத்துக்கொண்டோம்.

கையெழுத்திடுவதற்கு முன், புதிய நிபந்தனைகளை எழுதிய துணை ஒப்பந்தத்தில் நான்கைப் பாருங்கள். விடுப்பு தொடங்கும் மாதம் ஜூலை என்று பின்தேதியிட்டு இருக்கிறதா, அல்லது அனுமதி கொடுத்த மாதத்திலிருந்தா? இரண்டாவது என்றால் ஜூலைத் தவணை தவறியதாகவே நிற்கும். விடுப்புக் கால வட்டி எப்போது அசலில் சேர்கிறது? வட்டி விகிதத்தைக் கூட்டியிருக்கிறார்களா? புதிய முதல் தவணையின் தேதி என்ன? எங்கள் தாளில் விடுப்பு ஆகஸ்ட் என்று இருந்தது. ஜூன் 12 முத்திரைப் பிரதியைக் காட்டியதும் ஜூலை என்று திருத்திக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கடன் கணக்கு அறிக்கை வாங்கிப் பாருங்கள். நிலுவை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். தாமத அபராதம் போட்டிருந்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. சிபில் அறிக்கையையும் எடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். தவறிய நாட்கள் ஏறியிருந்தால் அனுமதிக் கடிதத்தின் நகலோடு வங்கிக்கும் சிபிலுக்கும் திருத்தம் கேட்டு எழுதுங்கள்.

அக்கா மகளுக்கு நவம்பரில் நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்தது, சம்பளம் 19,000. கடிதத்தில் எழுதியபடி 15 நாளுக்குள் கிளையில் போய்ச் சொன்னாள். ஒரு மாதம் பாக்கியிருந்த விடுப்பை விட்டுவிட்டு டிசம்பரிலேயே தொடங்கலாமா என்று கேட்டாள். அதற்குத் திரும்பவும் மேலிட அனுமதி வேண்டும், ஜனவரியே இருக்கட்டும், டிசம்பரில் முடிந்ததைக் கூடுதலாகக் கட்டுங்கள் என்றார் அதிகாரி. அந்த மாதம் 5,000 கட்டினாள்.